கத்தாருக்குச் சொன்ன துக்கச் செய்தி

அரைக்காப்பட்டி எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். மூன்று பேரிடம் கேட்டால் மூன்று திசையைக் காட்டுவார்கள். மூன்றுமே தப்பாக இருக்கும். ஆனால் மூன்று பேரும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு உங்களோடு பாதி தூரம் நடந்து வருவார்கள். அப்பேர்ப்பட்ட நல்ல மனுஷர்கள்.

ஊருக்கெல்லாம் சேர்த்து ஒருவருக்குத்தான் புத்தி இருந்தது. அவர் பெயர் இருளப்பன். வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஊர் அது. ஊரில் யாராவது இறந்துபோனால் முதலில் இருளப்பனுக்குத்தான் தகவல் போகும். அவர்தான் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்வார்.

அந்த வேலையை அவர் தலையில் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அவருடைய மூன்று சித்தப்பா மகன்கள். ஒருமுறை மூத்தவன் மாயாண்டி, சிங்கப்பூரில் இருந்த ஒருவனுக்கு, "உங்க மாமனுக்கு ரொம்ப முடியல, சீக்கிரம் வா, பாத்துரலாம்" என்று சொல்லிவைத்தான். அப்போது மாமனைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளை வழியெல்லாம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, ஆரஞ்சுப் பழத்தோடு வந்து இறங்கினான். இன்னொருமுறை இரண்டாமவன் சோணமுத்து, வீட்டுக்காரர்களுக்கே சொல்லுமுன் இறந்தவரின் மாலை போட்ட படத்தை வாட்ஸப்பில் ஏற்றிவிட்டான். துபாயில் இருந்த அவர் மகன் அதைப் பார்த்தபோது கையில் புரோட்டாவை வைத்திருந்தானாம். கடைசித் தம்பி ஒச்சப்பன் மட்டும் தப்பு எதுவும் செய்ததில்லை, அவனிடம் யாரும் போனைக் கொடுத்ததில்லை என்பதால்.

இருளப்பன் சொல்கிற விதமே வேறு. சொல்லி முடிக்கும்வரை ஊரில் யாரும் போனில் எதையும் போடக்கூடாது என்று முதலில் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். ஆளாளுக்குக் கூப்பிட்டால் குழப்பம், ஒருத்தர்தான் பேசணும் என்பார். பிள்ளை இருக்கிற ஊரில் இப்போது மணி என்ன என்று கணக்குப் பார்ப்பார். கூப்பிட்டதும், "எங்க இருக்க? வண்டி ஓட்டுறியா? வேலையில இருக்கியா?" என்று கேட்டு, ஆளைப் பத்திரமான இடத்துக்கு வரவைப்பார். "செத்த நேரம் உக்காரு" என்பார். "பக்கத்துல யாரு இருக்கா?" என்பார். தனியாக இருந்தால் அறையில் கூட இருப்பவனை வரச்சொல்வார். அதற்கப்புறம் சுற்றி வளைக்கமாட்டார். "ஒரு துக்கச் செய்தி சொல்லப்போறேன்யா" என்று சொல்லி ஒரு மூச்சு விடுவார். பிறகு இன்னார் இறந்துட்டார் என்று நேராகச் சொல்வார். சீரியஸ், ஆஸ்பத்திரி என்று பொய்யான நம்பிக்கை கொடுக்கமாட்டார். சொன்னதும் வாயை மூடிக்கொள்வார். அந்தப் பக்கம் அழுதால் அழவிடுவார். கேட்டால் எப்படி நடந்தது என்று சொல்வார். கடைசியில்தான் லீவு, டிக்கெட், எப்போது எடுக்கிறோம், அவன் வரும்வரை வைத்திருக்கவா என்ற பேச்செல்லாம். அந்தப் பக்கம் வைக்கும்வரை இவர் வைக்கமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, "ஒரு வாய் சாப்டியா?" என்று கேட்பார்.

ஒவ்வொரு தடவையும் இந்த மூன்று தம்பிகளும் பக்கத்தில் நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்த்ததை எல்லாம் மனப்பாடமும் செய்துவிட்டார்கள். அதுதான் பிரச்சினை.

ஒரு நாள் காலையில் இருளப்பன் இட்லி சாப்பிட்டுவிட்டு, காபி கேட்டுவிட்டு, முற்றத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். காபி வந்தபோது அவர் இல்லை. டாக்டர் வந்து பார்த்து, எட்டு மணி வாக்கில் உயிர் பிரிந்திருக்கிறது, தூக்கத்தில் போனது போலத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மனைவி அன்னமயிலுக்கு அழக்கூட நேரம் இல்லை. ஒரே மகன் பூமிநாதன் கத்தாரில் இருக்கிறான். அப்பா மேல் உயிரை வைத்திருப்பவன். அவன் காதில் இது பக்குவமாக விழவேண்டும். அவன் வந்து அப்பா முகத்தைப் பார்க்கவும் வேண்டும். தானே சொல்லலாம் என்று போனை எடுத்தாள். மகன் குரலைக் கேட்டால் தனக்குக் குரலே வராது என்று தெரிந்து கீழே வைத்தாள். இப்படி ஒரு நேரத்தில் யாரிடம் சொல்வார்களோ, அவர்தான் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். வேறு வழி இல்லாமல் மூன்று கொழுந்தன்களையும் கூப்பிட்டாள்.

"தம்பிகளா, பூமிக்கு நீங்கதான் சொல்லணும். உங்க அண்ணன் எப்படிச் சொல்லுவாரோ அப்படியே சொல்லுங்க. நீங்களா ஒண்ணையும் சேக்காதீங்க. ஒண்ணையும் விட்றாதீங்க. புண்ணியமாப் போகும்."

"அப்படியேதானே மதினி? செஞ்சுருவோம்" என்றான் மாயாண்டி.

அந்த 'அப்படியே' என்ற வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதல் காரியமாகச் சோணமுத்து ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, துக்கத்துக்கு வந்தவர்களின் போன்களை எல்லாம் பிடுங்கிப் போட்டான். பந்தல்காரர் போன், ஐஸ் பெட்டிக்காரர் போன், போகிற வழியில் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்த பால்காரர் போன். "சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அண்ணன் உத்தரவு" என்றான். கூடை ஒரு மூலையில் உட்கார்ந்து பல பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தது.

அண்ணன் எப்போதும் தன் போனில்தான் பேசுவார். அதனால் அவர் போனையே எடுத்தார்கள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பேசுவார். அதனால் மாயாண்டி அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். அதில் அவனுக்கு எதுவும் தெரியவில்லை. ஒச்சப்பன்தான் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான்.

"இப்ப அங்க மணி என்ன?" என்றான் மாயாண்டி.

சோணமுத்து விரல் விட்டு எண்ணினான். "கத்தாரு நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி. இங்க ஒம்போது. அங்க ஆறரை."

மாயாண்டி முகம் சட்டென்று மாறியது. "அண்ணன் எத்தனை மணிக்குப் போனாரு?"

"எட்டு."

"அங்க இன்னும் எட்டே ஆகலையேடா!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அங்க அண்ணன் இன்னும் சாகல" என்றான் ஒச்சப்பன் மெதுவாக.

"சாகாத ஆளைச் செத்துட்டாருன்னு சொன்னா அது பொய்யி" என்றான் சோணமுத்து. "அண்ணன் பொய் சொல்லவே மாட்டாரு."

"பாவம், அந்தப் புள்ள இன்னும் ஒன்றரை மணி நேரம் அப்பனோட இருந்துட்டுப் போகட்டும்" என்றான் மாயாண்டி. அவன் கண் கலங்கியது. கண்ணாடியினாலும் இருக்கலாம்.

அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து அன்னமயில், "சொல்லியாச்சா?" என்று கேட்டு ஆள் அனுப்பினாள். "இன்னும் நேரம் வரல" என்று பதில் போனது. மத்தியானம் கத்தாரில் கிளம்புகிற விமானத்தைப் பிடித்தால்தான் பூமிநாதன் மறுநாள் காலையில் வீட்டு வாசலில் நிற்க முடியும் என்பது அவளுக்குத் தெரியும். இவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், உயிரோடு இருக்கிற அப்பனைப் பார்க்க அவ்வளவு அவசரம் எதற்கு என்றுதான் கேட்டிருப்பார்கள்.

கத்தாரில் எட்டு அடித்ததும் மாயாண்டி கூப்பிட்டான்.

"சொல்லுங்கப்பா!" என்றது போன், சந்தோஷமாக.

அப்பாவின் நம்பர் அல்லவா. "அப்பா பேசல தம்பி. நான் மாயாண்டி சித்தப்பா."

"சித்தப்பாவா? அப்பா எங்க?"

"பக்கத்துலதான் இருக்காரு."

"அவர்கிட்ட குடுங்க."

"குடுக்கலாம். வாங்கமாட்டாரு."

"கோவமா? நேத்து கூப்பிடலைன்னா?"

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. ரொம்ப அமைதியாத்தான் இருக்காரு" என்றான் மாயாண்டி. இதுவரைக்கும் பொய் எதுவும் சொல்லவில்லை என்று அவனுக்கே பெருமையாக இருந்தது. "இப்ப எங்க தம்பி இருக்க? வண்டி ஓட்டுறியா?"

"கிரேன்ல இருக்கேன் சித்தப்பா. டீ நேரம். இறங்கச் சோம்பலா இருந்துச்சு, மேலேயே உக்காந்துட்டேன்."

மாயாண்டி மற்ற இருவரையும் பார்த்துக் கையைக் காட்டினான். "உக்காந்திருக்கானாம்."

"அப்ப சொல்லிரு" என்றான் சோணமுத்து.

"எம்புட்டு உசரம்னு கேளு" என்றான் ஒச்சப்பன்.

கேட்டான். இருபது மாடி உயரம் என்றான் பூமிநாதன்.

"உக்காரணும்னுதான் அண்ணன் சொல்லுவாரு. எந்த உசரத்துலன்னு சொன்னதே இல்ல" என்றான் சோணமுத்து.

"விழுந்துட்டா?" என்றான் ஒச்சப்பன்.

"விழுந்துட்டா அந்தச் செய்தியை மதினிக்கு யாரு சொல்றது? அதுக்கும் நாமதான் போகணும்" என்றான் மாயாண்டி. இந்த ஒரு நியாயத்தில்தான் பூமிநாதனின் உயிர் தப்பியது. "தம்பி, கீழ இறங்கு. இறங்கிட்டுப் பேசு. போனை வச்சிராத. இறங்குறப்ப ஏணியைப் பாத்து இறங்கு, பேசாத."

பூமிநாதன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். ஏணியில் பூட்ஸ் சத்தம் நெடுநேரம் கேட்டது. அந்தச் சத்தம் முதலில் வேகமாகவும், பாதிக்கு மேல் மெதுவாகவும் கேட்டது. ஏன் மெதுவானது என்று இந்த மூன்று பேரும் யோசிக்கவில்லை.

"இறங்கிட்டேன்" என்றான். குரலில் சந்தோஷம் இல்லை.

"இப்ப உக்காரு."

"உக்காந்துட்டேன். கல்லு ஒண்ணு கிடக்கு."

"பக்கத்துல யாரு இருக்கா?"

"பிஜு இருக்கான். என்கூட ரூம்ல இருக்கிறவன்."

"அவரு உக்காந்திருக்காரா?"

"அவன் எதுக்கு?"

"நின்னுக்கிட்டிருந்தா உன் மேல விழுவாருல்ல."

பிஜுவும் உட்கார்ந்தான். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை; ஆனாலும் நண்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு, தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

"ஒரு துக்கச் செய்தி சொல்லப்போறேன்யா" என்றான் மாயாண்டி. அண்ணன் விடுகிற மாதிரியே ஒரு மூச்சு விட்டான். அதோடு நின்றுவிட்டான்.

"என்னாச்சு?" என்றான் சோணமுத்து.

மாயாண்டி போனைக் கையால் பொத்தினான். பேசுகிற பக்கம் எது, கேட்கிற பக்கம் எது என்று அந்தக் கண்ணாடியில் அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? கேட்கிற பக்கத்தைத்தான் பொத்தினான். மற்றது நன்றாகத் திறந்திருந்தது.

"அண்ணன் சொல்ற மாதிரியே சொல்லணும்னு மதினி சொன்னாங்க. இந்தச் செய்தியை அண்ணன் சொன்னா எப்படிடா சொல்லுவாரு?"

"நேராச் சொல்லுவாரு. இன்னார் இறந்துட்டாருன்னு."

"இன்னாரே அவருதானே! 'இருளப்பன் இறந்துட்டாரு'ன்னு அவரு வாயாலயே சொல்லுவாரா? 'நான் இறந்துட்டேன்'னுதானே சொல்லுவாரு?"

சோணமுத்து தாடையைத் தடவினான். "அது சரிதான். ஆனா நீ அப்படிச் சொன்னா, மாயாண்டி சித்தப்பாதான் செத்துட்டாருன்னு நெனச்சுக்குவானே."

"அதுக்கு அவன் அவ்வளவு அழமாட்டான்" என்றான் ஒச்சப்பன். "அதுவும் நல்லதுதான்."

"ஏன்டா அழமாட்டான்? நான் அவனைத் தூக்கி வளத்தவன்!"

"ரெண்டு தடவை கீழயும் போட்ருக்க."

"அண்ணன் உயிரோட இருந்தா அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்ருக்கலாம்" என்று பெருமூச்சு விட்டான் சோணமுத்து.

கத்தாரில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பூமிநாதன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்து இதே வரிசையில் அப்பா எத்தனையோ பேருக்குச் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன். எங்க இருக்க என்று கேட்டபோதே அவனுக்குச் சந்தேகம் வந்தது. பாதி ஏணியில் தெரிந்துவிட்டது. பக்கத்தில் யார் என்று கேட்டபோது சந்தேகமும் போய்விட்டது.

"சித்தப்பா" என்றான்.

"சொல்லு தம்பி."

"அங்க மூணு பேரும் இருக்கீங்களா?"

"இருக்கோம்."

"எல்லாரும் உக்காந்திருக்கீங்களா?"

"நான் மட்டும்தான். ஒரே நாற்காலி."

"அவங்களையும் உக்காரச் சொல்லுங்க."

சோணமுத்துவும் ஒச்சப்பனும் மண்ணில் உட்கார்ந்து, போன் பக்கம் காதை நீட்டினார்கள். யாரோ இப்படிப் பக்குவமாகப் பேசுவதைக் கேட்டு அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது.

"ஒருத்தருக்கு ஒருத்தர் பக்கத்துலதானே இருக்கீங்க?"

"ஒட்டித்தான் இருக்கோம்."

"ஒரு துக்கச் செய்தி சொல்லப்போறேன் சித்தப்பா." அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. அது அப்படியே இருளப்பன் விடுகிற மூச்சு. "எங்கப்பா, உங்க அண்ணன், இறந்துட்டாரு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ அண்ணே!" என்று அலறினார்கள். காலையிலிருந்து கூடை தூக்கவும், மணி பார்க்கவும், கண்ணாடி மாட்டவும் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு, அண்ணன் இனிமேல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யாரும் அதை முறையாகச் சொல்லியிருக்கவில்லையே. மாயாண்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பூமிநாதன் வாயை மூடிக்கொண்டு அவர்களை அழவிட்டான். பிறகு அவனும் அழுதான். பிஜுவின் கை அவன் தோளிலேயே இருந்தது.

"எப்படிப்பா ஆச்சு?" என்று தேம்பினான் ஒச்சப்பன் போனைப் பார்த்து.

"அதை நீங்கதான் எனக்குச் சொல்லணும் சித்தப்பா."

அப்போது சொன்னார்கள். இட்லி சாப்பிட்டதை, காபி கேட்டதை, நாற்காலியில் சாய்ந்ததை, டாக்டர் சொன்னதை. வலியில்லாமல் போனாரா என்று பூமிநாதன் இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் அதையே அதே மாதிரி சொன்னார்கள். எத்தனை இட்லி என்று கேட்டான். நாலு என்றார்கள். "நல்லா சாப்பிட்ருக்காரு" என்று சொல்லி மறுபடி அழுதான்.

"எப்ப சித்தப்பா?"

"எட்டு மணிக்கு."

"அங்க இப்ப பத்தரை தாண்டிருச்சே! இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

"உங்க ஊர்ல எட்டாகட்டும்னு இருந்தோம்."

பூமிநாதன் அதற்கு மேல் கேட்கவில்லை. அரைக்காப்பட்டியில் பிறந்தவனுக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியும். பெட்டியில் வைத்தாயிற்றா என்று கேட்டான். நான் வரும்வரை எடுக்காதீங்க என்றான். சூப்பர்வைசரிடம் பிஜு பேசுவான், பாஸ்போர்ட் ரூமில் இருக்கிறது, மத்தியான விமானத்துக்கு ஓடினால் பிடித்துவிடலாம் என்றான். ஏர்போர்ட்டுக்கு நாங்க மூணு பேரும் வர்றோம் என்றார்கள். "வேண்டாம் சித்தப்பா, நான் வழி கேட்டு வந்துருவேன்" என்று அவசரமாகச் சொன்னான்.

பிறகு, "அம்மாகிட்ட குடுங்க" என்றான். அன்னமயில் போனை வாங்கி, "பூமி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதற்கப்புறம் அம்மாவும் பிள்ளையும் பேசியது நமக்கு எதற்கு?

விமானத்தைப் பிடித்துவிட்டான். வழியில் மூன்று பேரும் விடாமல் கூப்பிட்டு, "ஒரு வாய் சாப்டியா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் உட்காரவைத்துவிட்டுத்தான் கேட்டார்கள். பயணிகள் எல்லாம் ஏறும் வரிசையில் நின்றபோதும் ஒருமுறை தரையில் உட்கார்ந்து, சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்து அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது மூன்று சித்தப்பாக்களும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். முகத்தைப் பார்த்தால் ராத்திரியெல்லாம் ஏதோ உறுத்தியிருக்கிறது என்று தெரிந்தது.

"பூமி, பெரிய தப்பு நடந்துபோச்சு" என்றான் மாயாண்டி. "ஊர்ல எந்தச் சாவுன்னாலும் முத தகவல் அண்ணனுக்குத்தான் சொல்லணும். இது நம்ம ஊரு வழக்கம். நேத்துலேருந்து எல்லாருக்கும் சொல்லியாச்சு. அவருக்கு மட்டும் யாரும் சொல்லல."

பூமிநாதன் அம்மாவைப் பார்த்தான். அன்னமயில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் மெல்ல நகர்ந்து வழிவிட்டார்கள்.

மூன்று பேரும் பெட்டியின் பக்கத்தில் குந்தினார்கள்.

"அண்ணன் உக்காரலையே" என்று கிசுகிசுத்தான் சோணமுத்து.

"படுத்திருக்கிறது அதைவிடப் பத்திரம்" என்றான் ஒச்சப்பன்.

"பக்கத்துல மதினி இருக்காங்க, மகன் இருக்கான்" என்று சரிபார்த்துக்கொண்டான் மாயாண்டி. பிறகு கண்ணாடி மேல் குனிந்தான். "அண்ணே, ஒரு துக்கச் செய்தி சொல்லப்போறேன்." ஒரு மூச்சு விட்டான். "நம்ம இருளப்பன் அண்ணன் இறந்துட்டாருண்ணே."

சொல்லிவிட்டு மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அழுதால் அழட்டும் என்று காத்திருந்தார்கள். வெகுநேரம் ஆகியும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மாயாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"பாத்தியாடா பூமி, உங்கப்பனை?" என்றான். "எவ்வளவு பெரிய செய்தி. மனுஷன் அசையவே இல்ல."